முதல் நாள் உடுப்பு: சிற்றூர்ப் பள்ளியிலிருந்து பெருநகரக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு



சிற்றூர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சென்னைக்கோ கோவைக்கோ புறப்படக் காத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான் சென்னையில் ஒரு பெரிய கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதலாமாண்டு சேர்க்கையின்போது சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் உட்காருகிறேன். பிறந்தது சங்கரன்கோவில் பக்கத்தில், ஒரு தையல்காரரின் மகளாக. அதனால் உங்கள் உடுப்பைப் பற்றிப் பேச எனக்கு இரண்டு பக்கத்து அறிவும் கொஞ்சம் உண்டு.

மேசைக்கு வரும் பிள்ளைகளில் பலர் கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள்: "மேம், முதல் நாள் என்ன டிரெஸ் போட்டுட்டு வரணும்?" பன்னிரண்டு வருடம் சீருடை உங்களுக்காக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. வீட்டில் பணம் இருப்பவரும் இல்லாதவரும் காலையில் ஒரே நிறத்தில் நின்றீர்கள். இப்போது வாரத்துக்கு ஐந்தோ ஆறோ நாள் நீங்களே முடிவு செய்ய வேண்டும். அதிலும் முதல் நாள் என்றால் பயம் வரத்தான் செய்யும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் போடுகிற துணி புதியதாக இருக்கலாம். ஆனால் அன்றைக்குத்தான் முதன்முதலாக உடம்பில் ஏறியதாக இருக்கக் கூடாது. அதற்கு முன்பு மூன்று முறையாவது துவைத்திருக்க வேண்டும், ஒரு முழு நாளாவது அதைப் போட்டுக்கொண்டு வீட்டு வேலை பார்த்திருக்க வேண்டும்.

முதல் நாள் எப்படிப் போகும் என்று தெரிந்தால் இதன் காரணம் புரியும். காலை எட்டு மணிக்கே வாசலில் கூட்டம் நிற்கும். விடுதிக்காரர்கள் முந்தின நாள் இரவு பயணத்தில் தூங்கியும் தூங்காமலும் வந்திருப்பார்கள். பிறகு ஒரு வரிசை, அதில் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக் காட்ட வேண்டும். அடுத்து அரங்கத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வரவேற்புக் கூட்டம். பெற்றோரும் பிள்ளைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள், மின்விசிறிக் காற்று எல்லோருக்கும் வராது. அதன்பின் துறை எந்தக் கட்டடத்தில் என்று தேடிக்கொண்டு மூன்றாம் மாடி வரைக்கும் ஏற்றம். மதியம் புது கேண்டீனில் சாம்பார் சோறு. மாலையில் நகரப் பேருந்தின் உயரமான படியில் ஏறி, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடோ விடுதியோ திரும்ப வேண்டும்.

இதெல்லாம் ஜூன், ஜூலைச் சென்னை வெயிலில் நடக்கிறது. பொறியியல் பிள்ளைகளுக்குக் கலந்தாய்வு முடிந்து வகுப்பு தொடங்குவதற்குள் ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிவிடும். அப்போது வெயிலோடு சாயங்கால மழையும் சேரும். கடல் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை உலராது. நம் ஊர்ப் பக்கம் வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். அதே சட்டை இங்கே முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நம் ஊரில் சுகமாக இருந்த துணி இங்கேயும் சுகமாக இருக்கும் என்று நம்பி வந்துவிடக் கூடாது.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். என் அண்ணன் மகள் இரண்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி இங்கே பி.எஸ்சி. சேர்ந்தாள். துணிமணிக்கென்று அண்ணன் ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தார். அவள் போனில் கேட்டது இதுதான்: "அத்தை, அங்க எல்லாரும் ஜீன்ஸ்தான போடுவாங்க? நானும் ரெண்டு எடுத்துக்கவா?" எடுக்காதே என்று சொல்லவில்லை. "முதல்ல காலேஜ் கொடுத்த கையேட்டைப் பிரிச்சுப் படி" என்றேன். அதில் பெண்களுக்குச் சுடிதார், துப்பட்டா என்று அச்சிட்டிருந்தது. ஜீன்ஸ், லெகின்ஸ், கையில்லாத மேல்சட்டை ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லியிருந்தது. இரண்டு ஜீன்ஸுக்குப் போயிருக்கக்கூடிய பணம் அந்த ஒரு பக்கத்தைப் படித்ததில் மிச்சமானது.

தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகள் பலவற்றில் இப்படி உடை விதி உண்டு. ஆண் பிள்ளைகளுக்குக் காலர் சட்டை, ஃபார்மல் பேண்ட், ஷூ என்று இருக்கும். சில இடங்களில் சட்டையை உள்ளே விட வேண்டும். வேறு பல கல்லூரிகளில் விதியே கிடையாது. அதை யூகிக்க வேண்டாம், கையேட்டைப் பாருங்கள். இல்லையென்றால் அலுவலகத்துக்குப் போன் செய்து கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வருடா வருடம் நகரத்துப் பிள்ளைகளும்தான் கேட்கிறார்கள்.

ஐயாயிரத்தில் பாதியைத் தொடாமல் வைக்கச் சொன்னேன். மீதிப் பாதியில் இரண்டு காட்டன் சுடிதார் மெட்டீரியல், அவற்றுக்குத் தையல்கூலி, ஒரு ஜோடிச் செருப்பு. ஏற்கெனவே வீட்டில் இருந்த மூன்று சுடிதாரையும் சேர்த்தால் ஐந்து ஆயிற்று, முதல் இரண்டு வாரத்தை ஓட்ட அது போதும். அந்த இரண்டு வாரத்தில் உடன் படிக்கிறவர்கள் என்ன போடுகிறார்கள், வகுப்பறை எவ்வளவு புழுக்கம், விடுதியில் துணி காயப் போட எவ்வளவு கொடி இருக்கிறது என்பதெல்லாம் கண்ணால் பார்த்துத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வாங்குகிற துணி வீணாகாது.

இனி அந்த இரண்டு மெட்டீரியலுக்கு வருகிறேன். மிகுந்த ஆசையோடு எடுத்த துணி கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

கடையில் காட்டன் மொடமொடப்பாக நிற்பது பெரும்பாலும் அதில் ஏற்றிய கஞ்சியால். அது துணியின் தரம் ஆகாது. ஒரு மூலையை உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கிப் பார்த்தால் மாவு மாதிரி உதிர்ந்து துணி தொளதொளவென்று ஆகும், அப்போது உண்மையான கனம் தெரியும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் விரல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் லைனிங் போட வேண்டியிருக்கும், அதற்குத் தனிச் செலவு, வெயிலில் தனிப் புழுக்கம்.

வாங்கி வந்த துணியை நேரே தையல்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். இரவு முழுதும் வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் அப்பா ஊறாத காட்டனைக் கத்தரிக்கவே மாட்டார். காட்டன் முதல் நனைப்பில் நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு சுருங்குவது சாதாரணம். 42 அங்குல நீள டாப் என்றால் அது இரண்டு அங்குலம். முழங்காலுக்குக் கீழே இருந்த விளிம்பு மேலே வந்து நிற்கும், கைக்குழி இறுக்கும். முதல் நாளே அப்படி நடக்காது, முதல் துவைப்புக்குப் பிறகு நடக்கும், அதனால் யாரையும் கேட்கவும் முடியாது.

ஊற வைக்கும்போதே சாயத்தையும் பார்த்துவிடலாம். ஈர வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, கருஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு போன்ற அடர் நிறங்களின் மேல் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அது வேர்வையிலும் ஏறும், துப்பட்டாவிலும் உள்ளாடையிலும் அக்குளிலும் தெரியும். மூன்று முறை தனியாக அலசியும் தண்ணீரில் சாயம் வந்துகொண்டே இருந்தால் அந்தத் துணி வீட்டோடு இருக்கட்டும்.

தையல்காரரிடம் அளவு கொடுக்கும்போது வாயைத் திறந்து நான்கு விஷயம் சொல்லுங்கள். பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். விடுதிச் சாப்பாட்டில் உடம்பு ஏறலாம், இறங்கலாம், பிரித்துத் தைக்க இடம் வேண்டும். கைக்குழியைக் கொஞ்சம் தளர்வாக வைக்கச் சொல்லுங்கள். பேருந்துக் கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தும்போது மொத்த டாப்பும் மேலே இழுபடுவது இறுக்கமான கைக்குழியால்தான். பக்கவாட்டு ஓப்பன் இடுப்பு வரை ஏறாமல் இருக்கட்டும், அது முடிகிற இடத்தில் இரட்டைத் தையல் போடட்டும், படியேறும்போது முதலில் பிரிவது அந்த இடம். நான்காவதாக, பக்கத் தையலிலேயே ஒரு பை வைத்துத் தரச் சொல்லுங்கள். போன், பேருந்துக் காசு, ஒரு கைக்குட்டை அதில் அடங்கும். பெண் பிள்ளைகளின் உடுப்பில் பை வைக்கலாம் என்பது நம் தையல்காரர்களுக்கே பல நேரம் தோன்றுவதில்லை, கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

தைத்து வந்த பிறகு சோதிக்க ஒரு முழு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பது போதாது. தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள், எழுந்திருங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். மாடிப்படியை வேகமாக ஏறி இறங்குங்கள். குனிந்து செருப்பு வாரை மாட்டுங்கள், அப்போது கழுத்து எவ்வளவு இறங்குகிறது என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் முடிவில் எந்த இடத்தை உங்கள் கை அடிக்கடி இழுத்துச் சரிசெய்தது என்று யோசியுங்கள். கல்லூரியிலும் கை அங்கேதான் போகும், மனசும் கூடவே போகும். அந்த இடத்தைத் தையல்காரரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாம்பலும் வெளிர்நீலமும் கடையில் கண்ணியமாகத் தெரியும், ஆனால் வேர்வையை மிகத் தெளிவாகக் காட்டும் நிறங்கள் அவைதான். சின்னச் சின்ன அச்சு போட்ட காட்டன், அடர் பச்சை, கருநீலம் ஆகியவை காட்டாது. முதல் வாரத்தில் பல கல்லூரிகளில் அடையாள அட்டைக்குப் படமும் எடுப்பார்கள். பின்னணி வெள்ளையாக இருக்கும், வெள்ளைச் சட்டை அதில் கரைந்துவிடும். மூன்று வருடம் கழுத்தில் தொங்கப்போகிற படம் அது, ஒரே நிறத்தில் அழுத்தமான ஏதாவது ஒன்று நல்லது.

தம்பிகளுக்கு. உங்கள் பேண்ட் பிட் 1.2 மீட்டர், சட்டை பிட் இரண்டேகால் மீட்டர் என்று சீர்த்துணியாக வீட்டில் கிடந்தால் அதைத் தைத்துக்கொள்ளலாம், ரெடிமேட்தான் வேண்டும் என்றில்லை. ரெடிமேட் சட்டையில் பார்க்க வேண்டியது தோள் தையல். அது தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். அங்கே சரியாக இருந்தால் இடுப்பைத் தையல்காரர் பிடித்துவிடுவார், தோள் இறங்கியிருந்தால் சீர்செய்வது கடினம். சட்டையை உள்ளே விட வேண்டிய கல்லூரியா என்று தெரிந்துகொண்டு நீளம் பாருங்கள். கையைத் தூக்கினால் வெளியே வந்துவிடுகிற சட்டை நாள் முழுதும் வேலை வைக்கும். முழுப் பாலியெஸ்டர் சட்டை இஸ்திரி கேட்காது என்று வாங்குகிறார்கள். மதியத்துக்குள் அது வாடை பிடிக்கும். காட்டன் கலந்ததாக எடுங்கள், உள்ளே ஒரு வெள்ளை பனியன் போடுங்கள்.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், நாள் முழுதும் நடந்த கால் அப்போது சற்றே வீங்கியிருக்கும், அதற்குப் பொருந்துவதுதான் பொருந்தும். நாம் செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்தவர்கள், முன்பாதம் அகன்றிருக்கும். நீளம் சரியாக இருந்தும் அகலம் பிடித்தால் சுண்டுவிரல் பக்கம் மாலைக்குள் கொப்புளம் வரும். ஒரு வாரம் சாக்ஸோடு வீட்டில் போட்டு நடந்த பிறகுதான் அது முதல் நாளுக்குத் தயார்.

பொறியியலில் சேர்கிறவர்கள் பட்டறைச் சீருடையையும், வேதியியல் எடுப்பவர்கள் ஆய்வக மேலங்கியையும் முன்கூட்டியே வாங்க வேண்டாம். நிறமும் மாதிரியும் துறை சொல்லும்.

அடுத்தது கொஞ்சம் கனமான விஷயம். சேர்ந்த சில நாளில் ஒரு சீனியர் வந்து, "முதலாமாண்டுப் பசங்க பெல்ட் போடக் கூடாது", "முதலாமாண்டுப் பொண்ணுங்க எண்ணெய் வச்சு ரெட்டை ஜடைதான் போடணும்" என்று சொல்லலாம். இது கல்லூரி விதியா என்று கண்டுபிடிக்க வழி உண்டு. கல்லூரி விதி தாளில் இருக்கும், எல்லா வருடத்துக்காரர்களுக்கும் ஒன்றாக இருக்கும். வாயால் மட்டும் வந்து, முதலாமாண்டுக்கு மட்டும் பொருந்துவது விதி அல்ல, அது ராகிங்.

தமிழ்நாட்டில் 1996-இல் பொன். நாவரசு என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் நாடு முழுமைக்கும் விதிகள் போட்டது. 2016-இல் அவற்றில் செய்த திருத்தம் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும்: ஒரு மாணவரின் தோற்றம், மொழி, பிறந்த இடம், வசிக்கும் இடம், பொருளாதார நிலை ஆகியவற்றைக் குறிவைத்துக் கொடுமைப்படுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்தான் என்கிறது அது. உங்கள் சட்டையையும் உங்கள் ஊரையும் சேர்த்துவைத்து ஒருவர் விடாமல் துன்புறுத்தினால், நீங்கள் சகித்துக்கொள்ள வேண்டிய கேலி இல்லை அது. வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள், கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண் இரவு பகலாக இயங்குகிறது.

உங்களைக் கூட்டிவரும் அப்பா அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேட்டி கட்டிய அப்பாவை, "பேண்ட் போட்டுட்டு வாங்கப்பா" என்று கெஞ்சிக் கூட்டிவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பழக்கமில்லாத பேண்ட்டில் அந்த மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வரிசையில் நிற்பார், மகனுடைய ஃபைலைப் பிடிக்க அவருக்கு ஒரு கைதான் மிஞ்சும். அப்பா வேட்டியிலேயே வரட்டும். 2014-இல் ஒரு கிளப் வேட்டிக்காக ஒரு நீதிபதியை உள்ளே விடவில்லை என்று பெரிய சர்ச்சை எழுந்து, அதே ஆண்டு வேட்டியைக் காரணம் காட்டி கிளப்புகள் யாரையும் தடுக்கக் கூடாது என்று சட்டமன்றம் சட்டம் போட்டது. கல்லூரி அரங்கத்தில் அந்தச் சட்டம்கூடத் தேவையில்லை. அங்கே பாதிப் பேர் வேட்டியிலும் நூல் சேலையிலும்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறையும்.

பூ, பொட்டு, எண்ணெய் வைத்த தலை, இரட்டை ஜடை எல்லாம் உங்கள் விருப்பம். வழக்கமாக எப்படி இருப்பீர்களோ அப்படியே வாருங்கள். மாற்றிக்கொள்ள ஆசையிருந்தால் ஒரு மாதம் கழித்து மாற்றிக்கொள்ளுங்கள், முதல் நாள் காலையில் கத்தரிக்கோலோடு பரிசோதனை வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் கல்லூரி வழியாகப் பதிவு முடிந்து பணம் கணக்கில் ஏற நாளாகும். அதை நம்பி முதல் நாள் துணிக்குக் கடன் வாங்காதீர்கள். ஒதுக்கிவைத்த அந்தப் பாதிப் பணத்துக்குச் சரியான நேரம் ஆடித் தள்ளுபடி. ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்டு நடுவரை போகும், அதற்குள் கலைக் கல்லூரிக்காரர்களுக்கு வகுப்பு பழகியிருக்கும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தி.நகரைவிட மலிவாகக் கிடைக்கும். கோவையில் சேர்ந்தவர்களுக்கு ஒப்பணக்கார வீதி இருக்கிறது, கொஞ்சம் போனால் திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சட்டைகளும் பனியன்களும் கிடைக்கும். அங்கே வாங்கும்போது தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்து வாங்குங்கள், மாற்றித் தர மாட்டார்கள்.

என் அண்ணன் மகள் அந்தப் பாதிப் பணத்தில் ஆடி மாதம் இரண்டு குர்தியும், விடுதியில் போட ஒரு நைட்டியும், ஒரு குடையும் வாங்கினாள். ஜீன்ஸ் பேச்சே எடுக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் ஒன்று வாங்கி, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மட்டும் போடுகிறாள், ரயிலில் அது வசதியாக இருக்கிறதாம்.

இப்போதே துணியை ஊறப் போடுங்கள். தையல்கடைகளில் ஜூன் மாதம் பள்ளிச் சீருடைக் கூட்டம் அலைமோதும், மூன்று வாரம் முன்னால் கொடுத்தால்தான் சோதித்துப் பார்க்க ஒரு நாள் கிடைக்கும்.

அன்புடன்,
சேர்க்கை மேசையில் உங்களுக்காக உட்கார்ந்திருக்கப்போகும் ஓர் ஆசிரியை